ஏழு நிமிடத்தை எந்தத் தேதியில் தொடுவோம்?

தண்டையார்பேட்டையில் நாங்கள் ஓடும் மைதானத்துக்குக் கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு தம்பி சைக்கிளில் வருவான். வயது 21. வியாசர்பாடியில் ஒரு லேத் பட்டறையில் வேலை. இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்குத் தயாராகிறான். அந்தத் தேர்வின் உடற்தகுதிப் பகுதியில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். முடிக்காதவர்கள் அத்தோடு வெளியே. கயிறு ஏறுவதற்கோ தாண்டுவதற்கோ வாய்ப்பே வராது. 2024 டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஓடி முடித்து மூச்சு அடங்கியதும் அவன் கேட்டான்: "மாதாமாதம் குறைந்துகொண்டுதான் வருகிறது அண்ணா. இப்படியே போனால் ஏழு நிமிடத்துக்குள் எப்போது வருவேன்?"

நல்ல கேள்வி. அவனிடம் ஒரு நோட்டுப் புத்தகமும் அதில் ஆறு நேரங்களும் இருந்தன. பதில் சொல்ல அவை போதும். அந்தப் பதிலை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதும் அதே ஆறு எண்களுக்குள்ளேயே இருக்கிறது. இரண்டையும் எப்படி எடுப்பது என்பதே இந்தக் கட்டுரை. பள்ளிக்கூடக் கழித்தலும் வகுத்தலும் தெரிந்திருந்தால் போதும்.

முதலில் பேஸ் என்ற சொல். ஓடுகிறவர்கள் பேஸ் என்று சொல்வது ஒரு கிலோமீட்டரைக் கடக்க எடுக்கும் நேரத்தை. வேகம் கூடக் கூட இந்த எண் குறையும். 1500 மீட்டருக்கு 7 நிமிடம், அதாவது 420 விநாடி. அதை 1.5 ஆல் வகுத்தால் கிலோமீட்டருக்கு 280 விநாடி. 4 நிமிடம் 40 விநாடி. இதுதான் தம்பியின் இலக்கு பேஸ். எங்கள் மைதானத்தில் ஒரு சுற்று 250 மீட்டர், ஆறு சுற்று ஓடினால் 1500. ஆகவே சுற்றுக்குச் சரியாக 70 விநாடி என்று அவன் காலுக்குப் பழக்க வேண்டும்.

கணக்கைத் தொடங்குமுன் ஒரு வேலை இருக்கிறது. எல்லா நேரத்தையும் விநாடியாக மாற்றிவிட வேண்டும். தம்பி தன் நோட்டில் 8.27, 7.57 என்று புள்ளி வைத்து எழுதியிருந்தான். செல்போன் கால்குலேட்டரில் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் 0.70 வருகிறது. எழுபது விநாடி குறைந்துவிட்டதாக அவன் நினைத்திருந்தான். உண்மையில் 8 நிமிடம் 27 விநாடிக்கும் 7 நிமிடம் 57 விநாடிக்கும் இடையில் முப்பதே விநாடிதான். நிமிடத்துக்கு அறுபது என்பது கால்குலேட்டருக்குத் தெரியாது. தேதி ஒன்றிரண்டு மாதம் பிசகுவதற்கு இந்தப் புள்ளி ஒன்றே போதும்.

இனி அவனுடைய நோட்டைத் திறக்கலாம். நான்கு வாரத்துக்கு ஒருமுறை, ஞாயிறு காலை ஐந்தரை மணிக்கு, அதே மைதானத்தில், அதே அளவு உடம்பைச் சூடுபடுத்திய பிறகு, முழுப் பலத்தோடு ஒரு 1500 மீட்டர் ஓட்டம். தினமும் ஓடும் ஓட்டங்களை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. ஒரு நாள் மெதுவாக ஓடச் சொல்லியிருப்போம், ஒரு நாள் பட்டறையில் இரவு வேலை முடிந்து வந்திருப்பான். அந்த எண்கள் அவனுடைய திறனைச் சொல்லாது, அன்றைய திட்டத்தைத்தான் சொல்லும். நான்கு வாரம் என்று வைத்ததற்கும் காரணம் உண்டு. "மாதத்தின் முதல் ஞாயிறு" என்று வைத்தால் இடைவெளி சில நேரம் 28 நாள், சில நேரம் 35 நாள் ஆகிவிடும். ஒரு வாரம் கூடுதலாகக் கிடைத்த மாதத்தில் முன்னேற்றமும் கூடுதலாகத் தெரியும். இங்கே நான் மாதம் என்று சொல்வதெல்லாம் இந்த 28 நாளைத்தான்.

ஆகஸ்ட் 4 அன்று அவன் 8:45 ஓடினான். பேஸ் 350 விநாடி. செப்டம்பர் 1 அன்று 8:27, பேஸ் 338. செப்டம்பர் 29 அன்று 8:21, பேஸ் 334. அக்டோபர் 27 அன்று 8:18, பேஸ் 332. நவம்பர் 24 அன்று 7:57, பேஸ் 318. டிசம்பர் 22 அன்று 7:48, பேஸ் 312.

பெரும்பாலோர் செய்வது இதுதான்: முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் எடுப்பார்கள். 350லிருந்து 312 போனால் 38. இடையில் ஐந்து மாதம். ஆகவே மாதத்துக்கு 7.6 விநாடி. தவறென்று சொல்ல முடியாது. ஆனால் நடுவில் வியர்வை சிந்தி ஓடிய நான்கு ஓட்டங்களுக்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை. முதல் நாள் அவனுக்குக் காய்ச்சல் விட்ட உடம்பாக இருந்திருந்தால், அந்த ஒரு நாளின் சோர்வு முழுவதும் "முன்னேற்றம்" என்ற பெயரில் விடைக்குள் புகுந்துவிடும்.

ஆறு எண்களையும் பயன்படுத்த ஒரு அழகான கைக்கணக்கு இருக்கிறது. வெளியிலிருந்து உள்நோக்கி எண்களை ஜோடி சேர்க்க வேண்டும். முதலும் கடைசியும் ஒரு ஜோடி: வித்தியாசம் 38. இரண்டாவதும் ஐந்தாவதும் ஒரு ஜோடி: 338க்கும் 318க்கும் வித்தியாசம் 20. நடுவில் இருக்கும் மூன்றாவதும் நான்காவதும் ஒரு ஜோடி: 334க்கும் 332க்கும் வித்தியாசம் 2. இப்போது ஒவ்வொரு வித்தியாசத்தையும் அந்த ஜோடிக்கு இடையில் உள்ள மாதங்களால் பெருக்க வேண்டும். முதல் ஜோடிக்கு இடையில் ஐந்து மாதம், அடுத்ததற்கு மூன்று, கடைசியாக உள்ளதற்கு ஒன்று. 38 × 5 = 190. 20 × 3 = 60. 2 × 1 = 2. கூட்டினால் 252. அதை 35 ஆல் வகுத்தால் 7.2. ஆகவே மாதத்துக்கு 7.2 விநாடி குறைகிறது.

35 எங்கிருந்து வந்தது? ஒருவன் மாதத்துக்குச் சரியாக 1 விநாடி குறைத்துக்கொண்டே வருகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவனுடைய ஜோடி வித்தியாசங்கள் 5, 3, 1 ஆக இருக்கும். அவற்றை அதே 5, 3, 1 ஆல் பெருக்கினால் 25, 9, 1. கூட்டினால் 35. அதாவது ஒரு விநாடி முன்னேற்றத்துக்கு 35 என்ற மதிப்பு வரும், நம் தம்பிக்கு 252 வந்திருக்கிறது, அவ்வளவுதான். தூரத்தில் இருக்கும் ஜோடிக்கு அதிக எடை கொடுப்பதும் நியாயமே. நீண்ட இடைவெளியில் தெரியும் மாற்றத்தில் ஒரு நாளின் ஏற்றத்தாழ்வு சிறு பங்குதான். புள்ளியியல் புத்தகங்களில் மீச்சிறு வர்க்க முறை என்ற பெயரில், எல்லாப் புள்ளிகளுக்கும் இயன்றவரை அருகில் போகும்படி வரையும் நேர்கோடும் இதே விடையைத்தான் தரும். ஆறு ஓட்டங்கள் சம இடைவெளியில் இருப்பதால் நமக்கு வேலை சுலபமாகிவிட்டது.

அடுத்தது, இன்று அவன் எங்கே நிற்கிறான் என்பது. கடைசி ஓட்டத்தின் 312ஐ அப்படியே எடுத்துக்கொள்வதைவிட, கோட்டின் மேல் இன்றைய இடத்தைக் கண்டுபிடிப்பது நல்லது. ஆறு எண்களின் சராசரி 330.7. அந்தச் சராசரி இந்த ஐந்து மாதங்களின் நட்டநடுவில், அதாவது இரண்டரை மாதம் முன்னால் உட்கார்ந்திருக்கிறது. அங்கிருந்து இரண்டரை மாத முன்னேற்றத்தைக் கழிக்க வேண்டும்: 2.5 × 7.2 = 18. ஆக இன்றைய இடம் 312.7. இந்த முறை இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே வந்திருக்கின்றன. கடைசி ஓட்டம் ஒரு மோசமான நாளில் அமைந்திருந்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரிந்திருக்கும்.

இனி வகுத்தல் ஒன்றே பாக்கி. 312.7லிருந்து 280க்கு இன்னும் 32.7 விநாடி இருக்கிறது. மாதத்துக்கு 7.2 வீதம் 4.54 மாதம். 28 ஆல் பெருக்கினால் 127 நாள். டிசம்பர் 22லிருந்து 127 நாள் எண்ணினால் 2025 ஏப்ரல் 28.

இதையே எக்செல் போன்ற தாளில் செய்ய விரும்புகிறவர்கள் A பத்தியில் தேதிகளையும் B பத்தியில் பேஸை விநாடியிலும் இரண்டாவது வரிசையிலிருந்து எழுதிவிட்டு இந்த ஒரு வரியைப் போட்டால் போதும். விடை வரும் கட்டத்தின் வடிவத்தைத் தேதி என்று மாற்றிவிட வேண்டும். இடைவெளிகள் சமமாக இல்லாவிட்டாலும் இது சரியாக வேலை செய்யும்.

```
=(280-INTERCEPT(B2:B7,A2:A7))/SLOPE(B2:B7,A2:A7)
```

ஏப்ரல் 28 என்றதும் தம்பி பேனாவை எடுத்தான். பென்சிலால் எழுதச் சொன்னேன்.

ஏனென்றால் அக்டோபர் 27ஐப் பாருங்கள். கோட்டின்படி அன்று அவன் 327 ஓடியிருக்க வேண்டும். ஓடியதோ 332. கிலோமீட்டருக்கு ஐந்து விநாடி அதிகம். நோட்டில் அன்றைய வரிக்குப் பக்கத்தில் அவனே ஒரு குறிப்பு எழுதியிருந்தான்: "கோயில் பக்க வளைவில் தண்ணீர்." அந்த அக்டோபர் நடுவில் சென்னையில் கொட்டிய மழையில் எங்கள் மைதானத்தின் ஒரு முனை குளமாகிவிட்டது. சுண்ணாம்புக் கோட்டை ஒட்டி ஓட முடியாமல் எல்லோரும் அந்த வளைவில் மட்டும் ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமாக வெளியே விலகி ஓடினோம்.

விலகலின் விலையைக் கணக்கிட்டால் ஆச்சரியமாக இருக்கும். வளைவு என்பது அரைவட்டம். அதில் ஒரு மீட்டர் வெளியே போனால் ஒவ்வொரு முறையும் 3.14 மீட்டர் கூடுதலாக ஓடுகிறோம். 1.2 மீட்டர் விலகினால் சுமார் 3.8 மீட்டர். ஆறு சுற்றில் 22, 23 மீட்டர். அவன் பேஸில் அது ஏழரை விநாடி. கிலோமீட்டருக்கு மாற்றினால் ஐந்து. நோட்டில் இருந்த விலகல் அப்படியே விளங்கிவிட்டது. இரண்டு வளைவிலும் ஒரு மீட்டர் வெளியே ஓடினால் ஆறு சுற்றில் 38 மீட்டர் கூடிவிடும், பதினொன்று பன்னிரண்டு விநாடி போய்விடும். அது ஒரு முழு மாத உழைப்பு. எந்தக் கோட்டில் ஓடுகிறோம் என்பதில் கவனமில்லாமல் மாத முன்னேற்றத்தை அளக்க முயல்வதில் பொருளே இல்லை.

இதனால்தான் செல்போனில் தெரியும் தூரத்தை நான் இந்தக் கணக்குக்கு எடுத்துக்கொள்வதில்லை. சிறிய சுற்றில் ஜிபிஎஸ் வளைவுகளை வெட்டிக் குறுக்கிவிடும். 1500 மீட்டர் ஓடியவனுக்கு 1.42 கிலோமீட்டர் என்று காட்டியதை நானே பார்த்திருக்கிறேன். நேராக ஓடலாம் என்றால் எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கின்றன, அங்கே முழு வேகத்தில் ஓடுவது ஆபத்து. ஐம்பது மீட்டர் டேப்பால் ஒருமுறை அளந்து சுண்ணாம்புப் பொடி தூவிய கோடும் ஒரு ஸ்டாப்வாட்சும் எந்தக் கருவியையும்விட நம்பத் தகுந்தவை.

சரி, அக்டோபர் ஓட்டத்தை நீக்கிவிடலாமா? நீக்கலாம், ஆனால் ஒரு நிபந்தனை. காரணம் அன்றைக்கே நோட்டில் எழுதப்பட்டிருக்க வேண்டும். வரைபடத்தைப் பார்த்த பிறகு "அன்று தூக்கம் சரியில்லை" என்று நினைவுக்கு வருவதெல்லாம் கணக்கில் சேராது. மோசமான நாள்களுக்கு மட்டும் காரணம் தேடுவோம், அபாரமாக ஓடிய நாளை யாரும் நீக்குவதில்லை, ஆகவே கோடு எப்போதும் நமக்குப் பிடித்த பக்கமாகவே சாயும். தம்பி அன்றே எழுதியிருந்ததால் நீக்கிப் பார்த்தோம். தேதி ஏப்ரல் 20க்கு வந்தது.

இதே வித்தையை மற்ற ஓட்டங்களுக்கும் செய்து பார்க்கலாம். தேதியை எவ்வளவு நம்பலாம் என்று தெரிந்துகொள்ள இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது. ஆறில் ஒன்றை மறைத்துவிட்டு மீதி ஐந்தை வைத்துக் கணக்குப் போட வேண்டும். ஆகஸ்ட் ஓட்டத்தை மறைத்தால் மாத முன்னேற்றம் 6.8 ஆகி, தேதி மே 8க்குப் போகிறது. டிசம்பர் ஓட்டத்தை மறைத்தால் 7.0, மே 5. இப்படி ஒவ்வொன்றாக மறைத்துப் பார்த்ததில் விடைகள் ஏப்ரல் 20க்கும் மே 8க்கும் இடையில் அலைந்தன. ஒரே ஒரு ஓட்டம் இல்லாமல் போனாலே தேதி மூன்று வாரத்துக்குள் ஆடுகிறது என்றால், "ஏப்ரல் 28" என்பதில் இருபத்தெட்டை யாரும் பிடித்துக்கொள்ளக் கூடாது. புள்ளியியலார் போடும் கடுமையான கணக்கில், முன்னேற்ற வேகத்தில் உள்ள ஐயத்தை மட்டும் சேர்த்தாலே மார்ச் கடைசியிலிருந்து ஜூன் மூன்றாம் வாரம்வரை வரம்பு விரிகிறது. ஆறு ஓட்டங்களிலிருந்து இதற்கு மேல் துல்லியம் கறக்க முடியாது.

இவ்வளவும் கோடு நேராகவே போகும் என்று வைத்துக்கொண்டு சொன்னது. ஆனால் போகாது.

மாதத்துக்கு 7.2 விநாடி என்ற அதே கோட்டை இன்னும் நீட்டிப் பாருங்கள். ஆண்களுக்கான 1500 மீட்டர் உலக சாதனை மொராக்கோவின் ஹிஷாம் எல் கெரூஜ் 1998இல் ரோமில் ஓடிய 3 நிமிடம் 26 விநாடி. கிலோமீட்டருக்கு 137 விநாடி. நம் கோட்டின்படி தம்பி அதை 2026 நவம்பரில் எட்டிவிடுவான். கோடு எங்கோ வளைந்தே ஆக வேண்டும் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. புதிதாக ஓடத் தொடங்குகிற உடம்பு முதல் சில மாதங்களில் வேகமாகத் தேறும். இதயம் ஒரு துடிப்பில் தள்ளும் ரத்தம் கூடுகிறது, தசைகள் ஆக்சிஜனைப் பயன்படுத்தப் பழகுகின்றன, எந்த வேகத்தில் தொடங்க வேண்டும் என்பதும் பிடிபடுகிறது. அந்த எளிய லாபங்கள் தீர்ந்த பிறகு அடுத்த ஒவ்வொரு விநாடிக்கும் அதிகப் பயிற்சி கேட்கிறது. ஆகவே நேர்கோடு சொல்லும் தேதி பெரும்பாலும் உண்மையான தேதிக்கு முன்னால்தான் இருக்கும்.

வளைவு தொடங்கிவிட்டதா என்று எப்படித் தெரியும்? பழைய கோட்டை அழிக்காமல் வைத்துக்கொண்டு, புதிய ஓட்டங்கள் அதற்கு மேலா கீழா என்று பார்க்க வேண்டும். ஜனவரி 19 அன்று கோடு 305.5 எதிர்பார்த்தது, தம்பி ஓடியது 308. பிப்ரவரி 16 அன்று எதிர்பார்த்தது 298.3, ஓடியது 302. மார்ச் 16 அன்று எதிர்பார்த்தது 291.1, ஓடியது 298. பின்தங்கல் முதலில் இரண்டரை, பிறகு நான்குக்கு அருகில், பிறகு ஏழு. ஒரு நாள் மேலே, ஒரு நாள் கீழே என்றிருந்தால் அது நாளுக்கு நாள் வரும் ஏற்றத்தாழ்வு. மூன்று முறையும் ஒரே பக்கம், அதுவும் கூடிக்கொண்டே போனால், கோடு வளைந்துவிட்டது.

அப்படித் தெரிந்ததும் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களின் எளிய முன்னேற்றத்தை இன்னும் கணக்கில் சுமக்கக் கூடாது. கடைசி நான்கு ஓட்டங்களை மட்டும் எடுத்தோம்: 312, 308, 302, 298. முறை அதேதான். வெளி ஜோடி வித்தியாசம் 14, இடையில் மூன்று மாதம், பெருக்கினால் 42. உள் ஜோடி வித்தியாசம் 6, ஒரு மாதம், ஆகவே 6. கூட்டினால் 48. நான்கு ஓட்டத்துக்கு வகுக்கும் எண் 10, அதாவது 9உம் 1உம். மாதத்துக்கு 4.8 விநாடி. கோட்டின் மேல் மார்ச் 16இன் இடம் 297.8. இலக்குக்கு இன்னும் 17.8. அதை 4.8 ஆல் வகுத்தால் 3.7 மாதம், 104 நாள். புதிய தேதி ஜூன் 28. மூன்று மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்தும் தேதி இரண்டு மாதம் பின்னால் போய்விட்டதே என்று தம்பியின் முகம் வாடியது. அவன் பயிற்சியில் குறை எதுவும் இல்லை. டிசம்பரில் நாங்கள் நீட்டிய கோடு உடம்பின் வழியைவிடச் செங்குத்தாக இருந்தது.

ஆனால் முழுப் பழியையும் உடம்பின் மேல் போடுமுன் வானிலையைக் கேட்க வேண்டும். ஆகஸ்டில் நம் ஊரில் விடியற்காலையே 26 டிகிரி இருக்கும், கடற்காற்று நின்றுவிட்டால் வியர்வை காயாது. டிசம்பரில் அதே நேரம் நான்கு டிகிரி குறைவு. மார்ச் நடுவில் மறுபடி ஏறத் தொடங்கிவிடும். ஆக, ஆகஸ்டிலிருந்து டிசம்பர்வரை கிடைத்த முன்னேற்றத்தில் ஒரு பங்கு மார்கழியின் கொடை. டிசம்பரிலிருந்து மார்ச்வரை வந்த தளர்வில் ஒரு பங்கு வெயிலின் வேலை.

இதைப் பிரித்துப் பார்க்க எங்களிடம் ஒரு வழி இருந்தது. நான் பல ஆண்டுகளாக ஓடுகிறேன். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது, என் வேகம் இனி மாதத்துக்கு மாதம் மாறாது. அதே ஞாயிறுகளில் அதே கோட்டில் நானும் 1500 மீட்டர் ஓடி நேரம் குறித்து வந்தேன். ஆகஸ்டில் 8:06, டிசம்பரில் 8:00, மார்ச்சில் 8:03. என் உடம்பு மாறவில்லை, ஆகவே மாறியது காற்றும் வெப்பமும். ஆகஸ்டிலிருந்து டிசம்பருக்குக் கிலோமீட்டருக்கு 4 விநாடி சாதகம், டிசம்பரிலிருந்து மார்ச்சுக்கு 2 விநாடி பாதகம். தம்பியின் எண்களிலிருந்து இதை எடுத்துவிட்டால், முதல் ஐந்து மாதங்களில் அவன் உண்மையாகப் பெற்றது 38 அல்ல, 34. மாதத்துக்கு 6.8. அடுத்த மூன்று மாதங்களில் பெற்றது 14 அல்ல, 16. மாதத்துக்கு 5.3. வானிலையை நீக்கிய பிறகும் வேகம் தளர்ந்திருக்கிறது, ஆனால் நோட்டு காட்டிய அளவுக்கு இல்லை. மெதுவாக, நிலையாக ஓடுகிற ஒருவரை உடன் வைத்துக்கொள்வது எந்தப் பயிற்சி மைதானத்திலும் முடிகிற காரியம். ஆனால் ஒருவருடைய மூன்று ஓட்டங்களில் 6 விநாடி, 3 விநாடி என்று வருவது சில நேரம் தற்செயலாகவும் இருக்கலாம். இரண்டு மூன்று பேர் கிடைத்தால் சராசரி எடுப்பது உத்தமம். 10 கிலோமீட்டர் ஓடுகிறவர்களுக்கு உடம்பில் சூடு சேர்ந்துகொண்டே போகும் என்பதால் வெயிலின் பங்கு இதைவிடப் பெரிதாக இருக்கும். அவர்கள் மார்கழியில் எடுத்த எண்களை வைத்து மே மாதத்துக்குத் தேதி குறிக்கவே கூடாது.

திருத்திய 5.3ஐ வைத்து ஜூன் 28ஐ இன்னும் முன்னால் இழுக்கலாமா என்று தம்பி கேட்டான். வேண்டாமென்றேன். ஏப்ரலும் மேயும் இன்னும் சூடானவை, தேர்வும் மார்கழிக் குளிரில்தான் நடக்கும் என்று யாரும் உறுதி தரவில்லை. ஓடப்போகிற காற்றுக்கு அருகில் இருக்கும் எண்ணே பாதுகாப்பானது. 4.8 இருக்கட்டும்.

கடைசியாக ஒன்று, இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. கோடு 280ஐத் தொடும் நாள் என்பது தேறிவிடும் நாள் அல்ல. கோடு சராசரியைத்தான் சொல்கிறது. அன்று ஓடினால் 280க்குக் கீழே முடிக்கவும் பாதி வாய்ப்பு, மேலே முடிக்கவும் பாதி வாய்ப்பு. காவலர் தேர்வில் ஒரே ஓட்டம்தான், 7 நிமிடம் 1 விநாடிக்கு மதிப்பெண் கிடையாது. தம்பியின் ஓட்டங்கள் கோட்டிலிருந்து எவ்வளவு விலகின என்று பார்த்தோம். பெரும்பாலும் மூன்றரை விநாடிக்குள், ஒரே ஒருமுறை ஐந்து. வழக்கமான விலகல் 3 என்று வைத்துக்கொண்டால், அதன் இரு மடங்கை, 6 விநாடியை, முன்னெச்சரிக்கையாக இலக்கிலிருந்து கழித்துவிடலாம். அப்போது உண்மையான இலக்கு 280 அல்ல, 274. 1500 மீட்டருக்கு 6 நிமிடம் 51 விநாடி. 6ஐ 4.8 ஆல் வகுத்தால் ஒன்றேகால் மாதம், 35 நாள். ஜூன் 28உடன் சேர்த்தால் ஆகஸ்ட் 2. கோடு மேலும் வளைந்தால் அதுவும் தள்ளிப் போகும்.

தம்பி நோட்டில் இரண்டு தேதிகளையும் பென்சிலால் எழுதிக்கொண்டான். முதல் தேதிக்கு "தொடும் நாள்", இரண்டாவதற்கு "நம்பும் நாள்" என்று பெயர் வைத்தான். அடுத்த ஓட்டம் ஏப்ரல் 13. புதிய கோடு அன்று 293 எதிர்பார்க்கிறது, அதாவது ஏறக்குறைய 7:20. ஐந்து விநாடி முன்னே பின்னே வந்தால் தேதிகளைத் தொடப்போவதில்லை. 7:26 வந்தால் அன்றைய காரணத்தை அங்கேயே எழுதிவிட்டு, மே 11 ஓட்டத்துக்குக் காத்திருப்போம். அதுவும் கோட்டுக்கு மேலேயே வந்தால் கடைசி நான்கு ஓட்டங்களை மறுபடி எடுத்துப் பெருக்குவோம்.